நெகட்டிவ் மார்க் தேர்வு: எந்தக் கேள்வியைத் தொடுவது, எதை விடுவது, அதற்கு எப்படிப் பழகுவது?

ரயில்வே என்டிபிசி தேர்வுக்கு நம் பிள்ளைகள் பலர் தயாராகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதியவர்கள். அந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வருவதே அங்கே புத்திசாலித்தனம். அந்தக் கைப்பழக்கத்தோடு ரயில்வே தேர்வில் போய் உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. இங்கே ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிக்கப்படுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்த்திசையில் போய்விடுகிறார்கள். நூறு சதவீதம் தெரிந்தால் மட்டும் தொடுவேன் என்று பாதித் தாளை வெறுமையாக விட்டு வருகிறார்கள். அதுவும் நஷ்டம்தான். எதைத் தொடுவது, எதை விடுவது என்பது தைரியத்தையோ பயத்தையோ பொறுத்த விஷயமல்ல. அதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் போடவேண்டிய எண்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு. அவற்றைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் முறையாகப் பழகவேண்டும். அந்த ஒரு மாதத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

முதலில் கணக்கு. என்டிபிசி முதல் கட்டக் கணினித் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடங்கள். பொது அறிவு 40, கணிதம் 30, திறனறிவு 30. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியானால் 1 மார்க், தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. அப்படியானால் ஒரு சரியான விடை, மூன்று தவறான விடைகளின் நஷ்டத்தைத் தாங்கும். நான்கு கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போட்டு அதில் ஒன்று சரியானால் வரவும் செலவும் சமம். நான்கில் ஒன்றுக்கு மேல் சரியானால் லாபம், குறைந்தால் நஷ்டம்.

நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியாக நான்கில் ஒன்றுதான் சரியாகும். ஆகவே இந்தத் தேர்வில் கண்மூடிப் போடுவதால் நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று ஒதுக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைப் போடுவது சராசரியாக ஒரு கேள்விக்கு 0.11 மார்க் தரும். இரண்டை ஒதுக்க முடிந்தால் 0.33 மார்க். அப்படிப்பட்ட கேள்விகள் ஒரு தாளில் 18 இருந்தால் அது 6 மார்க். பல பிள்ளைகளைக் கட்-ஆஃப்புக்குக் கீழே நிறுத்துவது அந்த 6 மார்க்தான்.

இந்தக் கணக்கு எல்லாத் தேர்வுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. அங்கே ஒரு சரி நான்கு தவறைத் தாங்கும், ஆனால் விடைகள் நான்குதான். எனவே கணக்கு கொஞ்சம் பிள்ளையின் பக்கம் சாய்கிறது. வங்கித் தேர்வில் கால் மார்க் கழிவு, ஆனால் பெரும்பாலும் ஐந்து விடைகள்; அங்கே மறுபடி சமம். எந்தத் தேர்வானாலும் அறிவிக்கையைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சரி எத்தனை தவறைத் தாங்குகிறது? விடைகள் எத்தனை?

இதுவரை சொன்னது காகிதத்தில் உள்ள கணக்கு. இரண்டை ஒதுக்கினால் பாதிக்குப் பாதி சரியாகும் என்பது, ஒதுக்கிய இரண்டும் உண்மையிலேயே தவறானவையாக இருந்தால்தான் பொருந்தும். தவறாக ஒதுக்குகிற பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி கிடைக்காது. கேள்வி தயாரிப்பவர்கள் தவறான விடைகளைச் சும்மா எழுதுவதில்லை. பிள்ளைகள் வழக்கமாக எங்கே சறுக்குவார்களோ அந்த இடத்தையே விடையாக வைப்பார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 400 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 25 சதவீதம் உயர்த்தி விலை குறித்து, அதில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் எத்தனை சதவீதம்? விடைகள்: 10, 12.5, 15, 35. நேரம் நெருக்கும்போது 25-இல் 10 போனால் 15 என்று மனம் சொல்லும். சரியாகச் செய்தால் குறித்த விலை 500, தள்ளுபடி 50, விற்ற விலை 450, லாபம் 50. நானூறுக்கு ஐம்பது என்றால் 12.5 சதவீதம். 15 என்ற விடையைத் தொடுகிறவர் குத்துமதிப்பாகப் போடவில்லை. வைத்த பொறியில் கால் வைக்கிறார். கண்ணை மூடிப் போட்டிருந்தால்கூட நான்கில் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

பொது அறிவில் நிலைமை வேறு. ஜாலியன்வாலாபாக், ஒத்துழையாமை இயக்கம், உப்பு சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு ஆகியவற்றைக் காலவரிசைப்படுத்தச் சொன்னால், நான்கு ஆண்டுகளும் நினைவில் இருக்கவேண்டும் என்பதில்லை. வெள்ளையனே வெளியேறு 1942, அதுவே கடைசி என்று மட்டும் தெரிந்தால், அதை நடுவிலோ முதலிலோ வைத்திருக்கும் வரிசைகள் உடனே போய்விடும். பெரும்பாலும் இரண்டு வரிசைகள் மிஞ்சும். அவற்றில் ஜாலியன்வாலாபாக் முதலா, ஒத்துழையாமை முதலா என்பதுதான் சந்தேகம். இது உண்மையான ஒதுக்கல். இங்கே விட்டுவிட்டு வருவதுதான் நஷ்டம். (படுகொலை 1919, அதற்குப் பிறகு 1920-இல் ஒத்துழையாமை.)

ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகம் எந்தப் பாடத்தில் எத்தனை சரியாகிறது என்பதைத் தானே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் கால அட்டவணை.

முதல் இரண்டு வாரங்கள் முழுத் தேர்வு வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் போதும். கடைக்கோ கம்பெனிக்கோ போய்வருகிற பிள்ளைகள் இஷாவுக்குப் பின் உட்காரலாம். ஃபஜ்ருக்குப் பின் உட்கார்கிறவர்களும் உண்டு. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். பழைய கேள்வித்தாளிலிருந்து 25 கேள்விகள், மூன்று பாடங்களும் கலந்து. கடிகாரத்தில் 22 நிமிடம். 90 நிமிடத்தை 100 கேள்விக்குப் பங்கிட்டால் ஒரு கேள்விக்கு 54 நொடி வரும். இதுவும் ஏறக்குறைய அதே வேகம்தான்.

இந்த இரண்டு வாரமும் எந்தக் கேள்வியையும் விடக்கூடாது. தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைப் போடவேண்டும். ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், போடும் அந்த நொடியிலேயே, ஓர் எண்ணைக் குறிக்கவேண்டும். நிச்சயம் தெரியும் என்றால் 1. இரண்டில் ஒன்று என்ற நிலை என்றால் 2. மூன்றில் ஒன்று என்றால் 3. ஒன்றுமே தெரியாது என்றால் 4. விடையைப் பார்த்த பிறகு குறித்தால் இதில் பயனே இல்லை. பார்த்த பின் எல்லோருக்கும் 'எனக்கு இது தெரிந்ததுதான்' என்றே தோன்றும்.

22 நிமிடம் முடிந்ததும் பத்து நிமிடத்தில் திருத்தி, ஒரு நோட்டில் குறி வாரியாக எத்தனை போட்டேன், எத்தனை சரி என்று பாடத்தைப் பிரித்து எழுதவேண்டும். மீதி நேரத்தில் 1 என்று குறித்துத் தவறியவற்றை மட்டும் ஏன் தவறினோம் என்று பாருங்கள். மற்றவற்றை மறுநாள் பாடமாகப் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்தில் 250 கேள்விகள் சேர்ந்துவிடும். நோட்டைத் திறந்து கணக்குப் பார்க்கும் நாள் அன்றுதான். அதற்கு முன் முடிவு எடுக்காதீர்கள். ஒருநாள் மூன்று ஊகமும் சரியாகிவிடும், மறுநாள் மூன்றும் தவறும். பத்துப் பதினைந்து கேள்விகளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஒரு நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 என்று குறித்தவை 132, அவற்றில் சரி 120. 2 என்று குறித்தவை 48, சரி 27. 3 என்று குறித்தவை 40, சரி 11. 4 என்று குறித்தவை 30, சரி 6.

4-ஐ முதலில் பார்ப்போம். 6 சரி, 24 தவறு. 24 தவறுக்கு 8 மார்க் கழிவு. ஆக 2 மார்க் நஷ்டம். பெரிய நஷ்டமில்லை, ஆனால் 30 கேள்விகளைப் படித்து யோசித்த நேரம் போனது. 2-ஐப் பாருங்கள். 27 சரி, 21 தவறு, கழிவு 7, மிச்சம் 20 மார்க். இந்தப் பிள்ளை இரண்டில் ஒன்று என்ற கேள்விகளை ஒருபோதும் விடக்கூடாது.

3-இல்தான் நோட்டு தன் வேலையைக் காட்டுகிறது. 11 சரி, 29 தவறு, கழிவு 9.67, மிச்சம் 1.33. மேலோட்டமாகப் பார்த்தால் போட்டாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று. ஆனால் பாடம் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. பொது அறிவில் 22 போட்டு 8 சரி, அதில் 3.33 மார்க் லாபம். திறனறிவில் 8 போட்டு 2 சரி, சமம். கணிதத்தில் 10 போட்டு 1 மட்டுமே சரி. 2 மார்க் நஷ்டம். இந்தப் பிள்ளைக்கான விதி தானாகவே கிடைத்துவிட்டது: மூன்றில் ஒன்று என்ற நிலையில் பொது அறிவைத் தொடு, கணிதத்தை விடு. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் தங்கைக்கு இதே விதி பொருந்தாது. அவள் நோட்டு வேறு எண்களைச் சொல்லும்.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 1 என்று குறித்து, நிச்சயம் தெரியும் என்று நம்பி, தவறியவை 12. அந்த 12 மார்க்கும் போயிற்று, கழிவாக இன்னொரு 4-உம் போயிற்று. மொத்தம் 16 மார்க். கண்மூடிப் போட்டதால் வந்த நஷ்டம் வெறும் 2. வீட்டில் பெற்றோர் "தெரியாததைப் போடாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்த நோட்டைப் பார்த்தால் "தெரிந்ததை நிதானமாகப் போடு" என்பதுதான் சொல்லவேண்டியது. அந்தப் பன்னிரண்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றே வகைதான் இருக்கும்: 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று படித்தது, கூட்டல் கழித்தலில் கை தவறியது, கணக்கில் கேட்டதை விட்டு ஒரு படி முன்னதாக வந்த எண்ணை விடையாகத் தொட்டது.

மூன்றாவது வாரத்தில் முழுத் தேர்வுக்கு வரலாம். இரண்டு நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு மூன்று போதும். தினம் ஒரு முழுத் தேர்வு எழுதுகிற பிள்ளை திருத்திப் பார்ப்பதில்லை; அது வெறும் கைவலி. இனி விடலாம், ஆனால் நோட்டில் எழுதிய விதிப்படி மட்டுமே விடவேண்டும்.

90 நிமிடத்தை மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்று 60 நிமிடம். அதற்குள் 100-ஆவது கேள்வி வரை போய்விடவேண்டும். ஒரு கேள்வி ஒரு நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் ரஃப் தாளில் கேள்வி எண்ணையும் 2 அல்லது 3 என்ற குறியையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடுவழியில் ஒரு மைல்கல்: 30 நிமிடத்தில் 50-ஆவது கேள்வியைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் எங்கோ ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று பொருள். கடைசிப் பதினைந்து கேள்விகளைப் பார்க்காமலே வருகிற பிள்ளை, அவற்றில் தெரிந்தவை எத்தனை இருந்தன என்பதை அறியாமலே வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கழிவைவிட அது பெரிய இழப்பு.

இரண்டாம் சுற்று 22 நிமிடம். ரஃப் தாளில் எழுதிய எண்களுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். வழி தெரிந்து, நேரம் மட்டும் வேண்டிய கணக்குகள் முதலில். பிறகு 2 என்று குறித்தவை. நேரம் கொடுத்து யோசித்ததில் 3 என்று இருந்தது 2 ஆகலாம். ஆனால் அதற்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவேண்டும். 'இதுதான் போலிருக்கிறது' என்பது காரணமல்ல.

கடைசி 8 நிமிடத்தில் புதிதாக எந்தக் கணக்கையும் தொடங்கவேண்டாம். மிஞ்சியிருக்கும் 2-களுக்கு விடை போட்டுவிடுங்கள். 3-களுக்கு உங்கள் நோட்டின் விதி. 4-கள் அப்படியே இருக்கட்டும். மிச்ச நேரத்தில் 1 என்று போட்ட கணிதக் கேள்விகளில் 'கேட்டது என்ன' என்ற வரியை மட்டும் ஒருமுறை பாருங்கள். அங்கே பிடிபடும் ஒரு தவறு 1.33 மார்க். நான்கு 2-களைச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும்.

கட்-ஆஃப்புக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால் 4-களையும் போட்டுப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கணக்குப்படி அதில் சராசரி லாபம் இல்லை. ஏற்ற இறக்கம் மட்டும் உண்டு. பத்துக் கேள்விகள் போட்டு நான்கு சரியானால் 2 மார்க் ஏறும், ஒன்று மட்டும் சரியானால் 2 மார்க் இறங்கும். அன்றைய கட்-ஆஃப் தேர்வறையில் யாருக்கும் தெரியாது. பல ஷிப்டுகளில் நடக்கும் தேர்வு என்பதால் மார்க் சமன்செய்யப்பட்ட பிறகே அது வெளிவரும். தெரியாத கோட்டைத் தாண்டுவதற்காகத் தெரியாத கேள்வியில் பந்தயம் கட்டவேண்டாம் என்பதே நம் கருத்து.

நான்காவது வாரம் கணினியில் எழுதிப் பழகவேண்டும். காகிதத்தில் வெறுமையாக விடுவது எளிது. திரையில் விடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். யோசிக்கும்போது மவுஸால் ஒரு விடையைத் தொட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று நினைத்து, அப்படியே அடுத்ததற்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடக் கருதிய கேள்வியில் விடை ஏதாவது தொடப்பட்டிருந்தால் `Clear Response` அழுத்தி நீக்கிவிட்டுத்தான் நகரவேண்டும். விடையைத் தேர்ந்துவிட்டு `Mark for Review & Next` அழுத்தினால் அது 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைவூட்டல்தானே, கணக்கில் வராதே என்று நினைக்கக்கூடாது. விடை தேர்ந்திருந்தால் அதுவும் திருத்தப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு தொடங்குமுன் வரும் விதிமுறைப் பக்கத்தில் இது எழுதியிருக்கும், அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காமல் படியுங்கள். விடை பதிவாக வேண்டும் என்றால் `Save & Next`. இந்த மூன்று பொத்தான்களையும் யோசிக்காமல் அழுத்தும் அளவுக்கு நான்காவது வாரத்தில் கை பழகியிருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் உறவினர் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ மூன்று தடவையாவது உட்கார்ந்து எழுதிவிடுங்கள். கைபேசியில் எழுதும் மாதிரித் தேர்வு இதற்கு ஈடாகாது.

அனுமதிச் சீட்டில் ஷிப்டு நேரம் தெரிந்ததும், கடைசி இரண்டு முழுத் தேர்வுகளை அதே நேரத்தில் வையுங்கள். காலை ஷிப்டு கிடைத்தவர் இரவில் பழகிக்கொண்டிருந்தால் அந்தத் தூக்கக் கலக்கத்தில் முதலில் கூடுவது 1 என்று குறித்துத் தவறுகிற கேள்விகள்தான். தேர்வுக்கு முந்தின இரண்டு நாள் புதிய தேர்வு எதுவும் வேண்டாம். நோட்டை எடுத்து, எந்தப் பாடத்தில் எந்தக் குறியைத் தொடுவது, எதை விடுவது என்ற அந்த மூன்று நான்கு வரிகளை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுத்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.